மனச்சோர்வு: பிரேக் பிடிக்காத மூளைச் சுற்று

நெருக்கடி வரும்போது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலமஸ் முதலில் உத்தரவிடுகிறது. அதன் கீழே பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை ஏற்று, இரத்தத்தின் வழியே அட்ரினல் சுரப்பிகளுக்கு அனுப்புகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இவை கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. நெருக்கடியைச் சமாளிக்க உடல் தயாராகிறது. பிறகு அதே கார்டிசால் மூளைக்குத் திரும்பி, 'போதும்' என்று சுரப்பை அடக்குகிறது. இதுதான் இந்தச் சுற்றின் பிரேக்.

கடும் மனச்சோர்வு உள்ள சிலருக்கு இந்த பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. இதை ஒரு மாத்திரையால் அறியலாம். கார்டிசாலைப் போலவே செயல்படும் டெக்ஸாமெத்தசோன் 1 மில்லிகிராம் இரவு 11 மணிக்குத் தரப்படும். அதை உணரும் பிட்யூட்டரி சுரப்பி தன் உத்தரவை நிறுத்தும். மறுநாள் இரத்தத்தில் கார்டிசால் குறைந்திருக்கும். பிரேக் பழுதானவருக்கு அது குறையாது. 1981இல் பெர்னார்ட் கேரலும் உடன் ஆய்வாளர்களும் இதை மனச்சோர்வைக் கண்டறியும் சோதனையாகவே முன்வைத்தார்கள். ஆனால் மனச்சோர்வு உள்ள பலருக்குச் சோதனை இயல்பாகவே இருந்தது. வேறு நோய் உள்ளவர்களுக்கும் அது மாறியது. அதனால் நோயை உறுதிசெய்ய அது இன்று பயன்படுவதில்லை.

உணர்ச்சியைக் கையாளும் மூளைப் பகுதிகளும் இந்தச் சுற்றோடு இணைந்தவை. அவற்றில் ஒன்று, நெற்றிக்குப் பின்னே மூளையின் நடுக்கோட்டையொட்டி ஆழத்தில் இருக்கும் 25ஆம் பகுதி. ஹெலன் மேபெர்க் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், நலமாக இருந்தவர்கள் சோக நினைவில் ஆழ்ந்தபோது அங்கே இரத்த ஓட்டம் கூடியது. கவனத்துக்கும் திட்டமிடலுக்கும் உதவும் மேற்பகுதியில் குறைந்தது. மனச்சோர்விலிருந்து மீண்டவர்களிடம் இது தலைகீழாக நடந்தது. மனச்சோர்வில் துயரத்தோடு சிந்தனையும் ஏன் மந்தமாகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

2005இல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவின் டொரோண்டோவில் எந்தச் சிகிச்சைக்கும் பலன் கிடைக்காத 6 பேருக்கு 25ஆம் பகுதியை ஒட்டி மெல்லிய மின்முனைகள் பொருத்தப்பட்டன. மின்சாரம் செலுத்தியதும், விழித்தபடி இருந்த நோயாளிகள் சிலர் திடீரென்று அமைதி வந்ததாகவும், அறையின் நிறங்கள் பளிச்சென்று தெரிவதாகவும் கூறினார்கள். ஆறு மாதம் கழித்து 4 பேரிடம் நல்ல முன்னேற்றம் நீடித்தது. ஆனால் பின்னர் நடந்த பெரிய ஒப்பீட்டுச் சோதனையில், முதல் ஆறு மாதங்களில் போலிச் சிகிச்சையைவிடத் தெளிவான பலன் தெரியவில்லை. ஒரு பகுதியைத் திருத்தினால் எல்லாருக்கும் நோய் தீர்ந்துவிடாது.

ஆகவே இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ மட்டும் மனச்சோர்வை உறுதிசெய்ய முடியாது. இரண்டு வாரமாவது பெரும்பாலான நேரம் நீடிக்கும் துயரம் அல்லது எதிலும் நாட்டமின்மை, அதனுடன் தூக்கம், பசி, கவனம் ஆகியவற்றில் வரும் மாற்றம் ஆகியவற்றைக் கேட்டறிந்தே மருத்துவர் முடிவுசெய்கிறார். மனதைத் திடப்படுத்திக்கொள் என்ற அறிவுரையால் இந்த பிரேக் பிடிக்காது. அப்படிப்பட்டவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.