வெளுத்து இறுகும் நுனித்தோல்

ஆண்குறியின் மொட்டை மூடியிருக்கும் நுனித்தோல் இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். இந்த நெகிழ்வைப் பறிக்கும் தோல்நோயின் பெயர் லைக்கன் ஸ்க்லீரோசஸ். தோலில் நாட்பட்ட அழற்சி உண்டாகி, அது மெல்ல மெல்லத் தழும்பாக மாறுகிறது. தோல் வெளுக்கிறது, சுருங்குகிறது, கடைசியில் பின்னுக்குத் தள்ள முடியாதபடி இறுகிவிடுகிறது. மருத்துவ அறிக்கைகளில் இதே நோயை ‘பேலனைட்டிஸ் ஸீரோட்டிகா ஆப்லிடரன்ஸ்’ என்றோ, சுருக்கமாக ‘பி.எக்ஸ்.ஓ.’ என்றோ எழுதியிருப்பார்கள். 1928இல் ஸ்டூமர் என்ற மருத்துவர் வைத்த பெயர் அது.

இது தொற்றுநோய் அல்ல. உடலுறவால் வருவதும் இல்லை, மனைவிக்குப் பரவுவதும் இல்லை. பிறந்தவுடன் சுன்னத்து செய்யப்பட்டவர்களுக்கு இந்த நோய் அரிதாகவே வருகிறது. அதை வைத்துத்தான் மருத்துவர்கள் காரணத்தைத் தேடினார்கள். சிறுநீர் கழித்த பிறகு சில சொட்டுகள் கசிந்து, நுனித்தோலுக்கும் மொட்டுக்கும் இடையே தேங்கி நிற்பது பலருக்கு உண்டு. நோய் வரும் இயல்புள்ள தோலை இந்த ஈரம் நாள்தோறும் அரிப்பதுதான் அழற்சியைத் தூண்டுகிறது என்பது இன்று வலுவாக உள்ள கருத்து. உடல் பருத்தவர்களுக்குத் தோல்மடிப்பு ஆழமாக இருப்பதால் அவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

எப்படித் தொடங்குகிறது?

நாற்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதுவரை எளிதாகப் பின்னுக்குப் போன நுனித்தோல் சில மாதங்களாகப் பிடிக்கிறது. உடலுறவின்போது மெல்லிய கோடுபோல் கிழிந்து எரிகிறது. ஒரு வாரத்தில் ஆறுகிறது, மறுபடியும் அதே இடத்தில் கிழிகிறது. ஆறும் ஒவ்வொரு முறையும் தழும்பு கொஞ்சம் கூடுவதால் தோல் இன்னும் இறுகுகிறது. தோலைத் தள்ளிப் பார்த்தால், அரைஞாண் கட்டியதுபோல் ஒரு வெள்ளை வளையம் தண்டை இறுக்குவது தெரிகிறது.

அவர் முதலில் போவது மருந்துக்கடைக்கு. அங்கே கிடைப்பது பெரும்பாலும் பூஞ்சைக்கான களிம்பு, அல்லது பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் ஒன்றாகக் கலந்த களிம்பு. கலவைக் களிம்பில் ஸ்டீராய்டு இருப்பதால் நான்கைந்து நாளில் எரிச்சல் தணியும். நிறுத்தினால் திரும்ப வரும். நோய் குணமாகாமலே ஆண்டுக்கணக்கில் நழுவிப்போவது இப்படித்தான்.

மருத்துவர் எதைப் பார்க்கிறார்?

தோல்நோய் மருத்துவரோ சிறுநீரக அறுவை மருத்துவரோ பெரும்பாலும் கண்ணால் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடுவார். வெளுத்த இடத்தில் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து சுருங்கியிருக்கும், அல்லது தடித்து விறைத்திருக்கும். ஆங்காங்கே ரத்தம் கட்டிய செம்புள்ளிகள் இருக்கும். மொட்டின் அடியில் நுனித்தோலைப் பிடித்திருக்கும் நரம்புபோன்ற மடிப்பு தேய்ந்து மறைந்திருக்கலாம். தோல் மொட்டோடு ஒட்டிக்கொண்டும் இருக்கலாம்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் இந்த நோய் அல்ல. வெண்புள்ளியில் நிறம் மட்டுமே போகும், தோல் பழைய மென்மையோடு மடங்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் நுனித்தோல் வெடிப்பதுண்டு. அது பெரும்பாலும் பூஞ்சையால் வருவது. சிவந்து, அரித்து, மாவுபோல் படியும். அதனால் ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது வழக்கம். சிறுவர்களில் வேறொரு குழப்பம் உண்டு. சின்ன வயதில் நுனித்தோல் பின்னுக்குப் போகாதது இயல்பு. மெதுவாக இழுத்தால் அதன் வாய் பூவின் மொட்டுபோல் மென்மையாக விரியும். நோயுள்ள சிறுவனுக்கு வாயைச் சுற்றி விரியாத வெள்ளைத் தழும்பு வளையம் இருக்கும். முன்பு பின்னுக்குப் போன தோல் இப்போது போகவில்லை என்பது இன்னொரு வலுவான அறிகுறி.

சந்தேகம் இருந்தால், சிகிச்சைக்கு அடங்காவிட்டால், அல்லது ஆறாத புண்ணோ கட்டியோ இருந்தால் சிறு துண்டுத் தோலை எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மேல்தோல் மெலிந்திருப்பதும், அதற்கடியில் நார்கள் ஒன்றோடொன்று கலந்து கண்ணாடிபோல் தெரிவதும், அதற்கும் கீழே அழற்சி அணுக்கள் பட்டையாகக் கிடப்பதும் நோயை உறுதிப்படுத்தும். சிறுநீர்த் துளையையும் மருத்துவர் தவறாமல் பார்ப்பார். நோய் அங்கே ஏறியிருந்தால் சிறுநீர் மெலிந்தோ சிதறியோ வரும். அப்போது சிறுநீரின் வேகத்தை அளக்கும் சோதனை தேவைப்படும்.

களிம்பும் கத்தியும்

முதல் மருந்து 0.05 சதவீத குளோபெட்டசால் களிம்பு. மிக வலுவான ஸ்டீராய்டு இது. நாளுக்கு ஒருமுறை, வெளுத்த இடத்தில் மட்டும், மெல்லியதாகத் தடவ வேண்டும். தோலை முழுதும் தள்ள முடியாவிட்டால், முடிந்தவரை தள்ளி இறுகிய வாயில் தடவினால் போதும். பலவந்தமாக இழுத்தால் கிழியும். ஒன்று முதல் மூன்று மாதம் தொடர்வது வழக்கம்.

பலருடைய சிகிச்சை தடுக்கி விழுவது இந்தக் கட்டத்தில்தான். ‘பிறப்புறுப்பில் பயன்படுத்தக் கூடாது’ என்று மருந்துப் பெட்டியில் உள்ள தாள் சொல்லும். பயந்துபோய் இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். சாதாரணத் தோலுக்கு அந்த எச்சரிக்கை சரியானதே. இந்த நோயில் மட்டும், மருத்துவர் கண்காணிப்பில், அது விதிவிலக்கு. கூடவே சோப்பைத் தவிர்த்து, வெறும் தண்ணீரிலோ ஈரப்பதக் களிம்பிலோ கழுவ வேண்டும். சிறுநீர் கழித்ததும் கடைசிச் சொட்டையும் ஒற்றி எடுத்து, வாசலின் பூசி, சிறுநீர் தோலில் படாமல் காக்க வேண்டும்.

ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும். பழுத்துப்போன தழும்பைக் கரைக்காது. மேலே சொன்ன நாற்பது வயதுக்காரர் ஆரம்பத்திலேயே வந்திருந்தால் களிம்போடு முடிந்துபோக வாய்ப்புண்டு. மூன்று மாதம் ஒழுங்காகத் தடவியும் வளையம் தளரவில்லை என்றால் நுனித்தோலை முழுவதுமாக அகற்றுவதே சரியான வழி. பாதியை விட்டுவைத்தால் அங்கே நோய் மீண்டும் வரலாம். நோய் நுனித்தோலோடு நின்றிருந்தால் இந்த அறுவை பெரும்பாலோரைக் குணப்படுத்திவிடும். அகற்றிய தோலைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மொட்டில் மிச்சமிருக்கும் வெள்ளைத் திட்டுகளுக்கு அறுவைக்குப் பின்னும் சில வாரம் களிம்பு தேவைப்படலாம்.

சிறுநீர்த் துளை குறுகியிருந்தால் அதை அகலப்படுத்துவார்கள். உள்ளே குழாயே சுருங்கியிருந்தால் கன்னத்தின் உட்புறத் தோலை எடுத்துக் குழாயைச் சீரமைப்பார்கள். பிறப்புறுப்புத் தோலை அதற்குப் பயன்படுத்தினால் நோய் அதிலும் ஏறிவிடும் என்பதே காரணம்.

ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வராத நோய் மிகச் சிலரிடம் ஆண்குறிப் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது. பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. இருந்தாலும் சில வாரங்களில் ஆறாத புண், தடித்து வளரும் இடம், புதிய கட்டி ஆகியவற்றை களிம்பு தடவிக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முன்பு எளிதாகப் பின்னுக்குப் போன தோல் இறுகத் தொடங்குவதும் அப்படிக் காட்ட வேண்டிய மாற்றமே.