இரண்டு நேர்காணலுக்குப் பிறகு விலகிக்கொள்ளும் கடிதம்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் எச்.ஆர். பேசினார். இரண்டாம் சுற்றில் மெர்ச்சண்டைசிங் மேலாளரே உட்கார்ந்து, பையரிடம் எப்படிப் பேசுவீர்கள், சாயத்துக்கு ஒப்புதல் தாமதமானால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டார். “அடுத்த வாரம் சொல்கிறோம்” என்று அனுப்பினார்கள். அதற்குள் கோவையில் வேறொரு வேலை அமைந்துவிட்டது, இவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

இந்த நிலையில் பலர் திருப்பூர்க்காரர்களிடம் எதுவும் சொல்வதில்லை. போன் வந்தாலும் எடுப்பதில்லை. முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்குகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இரண்டாம் சுற்று வரை வந்தவர் அநேகமாகக் கடைசி இரண்டு மூன்று பேரில் ஒருவர். இவருடைய முடிவு தெரியும்வரை அடுத்த இடத்தில் இருப்பவருக்கும் “சொல்கிறோம்” என்ற பதில்தான் கிடைக்கும். அவரும் வேலை தேடுகிறவர்தானே! கடிதத்தைச் சீக்கிரம் எழுதச் சொல்வதற்கு எனக்கு முதல் காரணம் அவர்தான்.

அவசரப்பட்டும் எழுதக் கூடாது. “உங்களை எடுத்துக்கொண்டோம்” என்று போனில் சொன்னது போதாது. பதவி, சம்பளம், சேரும் தேதி மூன்றும் எழுதிய ஆஃபர் லெட்டர் கைக்கு வர வேண்டும். பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது என்பது போன்ற நிபந்தனை அதில் இருந்தால், கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சம்மதத்தை எழுத்தில் அனுப்பிய அன்றோ மறுநாளோ மற்ற இடத்துக்கு எழுதிவிடலாம். புது வேலையில் சேரும் நாள்வரை பழையதையும் கையில் வைத்திருப்போம் என்று நினைப்பவர்கள் உண்டு. நோட்டீஸ் காலம் இரண்டு மூன்று மாதம் என்றால் அந்த ஆசை வருவது இயல்பு. ஆனாலும் அத்தனை நாள் ஒரு நிறுவனத்தைக் காக்க வைப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

நேர்காணலுக்கு அழைத்து வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக இதை அனுப்புவது நல்லது. பதவியின் பெயரும் முந்தைய பேச்சும் அதிலேயே இருப்பதால், யார் எழுதுகிறார் என்று எச்.ஆர். தேட வேண்டியதில்லை. மேலாளரும் அந்த அஞ்சலில் இருந்தால் அவருக்கும் சேர்த்தே போகட்டும். நம் மெர்ச்சண்டைசர் இப்படி எழுதலாம்:

“வணக்கம். மெர்ச்சண்டைசர் பதவிக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வேறொரு நிறுவனத்தில் சேர ஒப்புக்கொண்டிருக்கிறேன். இரண்டு முறை நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. சாயத்துக்கு ஒப்புதல் தாமதமாகும்போது ஆர்டரை எப்படி நகர்த்துகிறீர்கள் என்று மேலாளர் விளக்கியது எனக்கு மிகவும் பயன்பட்டது. இந்தப் பதவிக்குப் பொருத்தமானவர் விரைவில் அமைய வாழ்த்துகிறேன்.”

ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுதான். விலகுகிறேன் என்பது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். நன்றியில் தொடங்கி நான்காம் வரியில் விஷயத்துக்கு வந்தால், படிப்பவர் அதுவரை வேறு எதையோ எதிர்பார்த்திருப்பார். காரணத்துக்கு ஒரு வரி போதும். புது நிறுவனத்தின் பெயரோ சம்பளமோ தேவையில்லை. நேர்காணலில் உண்மையாகவே பேசிய ஒன்றைக் குறிப்பிட்டால், பத்துப் பேருக்கு அனுப்பிய நகல் இது என்ற எண்ணம் வராது. அப்படி எதுவும் நினைவில் இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடலாம், இட்டுக்கட்ட வேண்டாம்.

கடிதத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் நல்லெண்ணத்தில் சேர்க்கும் வரிகள்தான். “தற்போதைக்கு விலகுகிறேன்”, “சூழ்நிலை மாறினால் சொல்கிறேன்” என்று எழுதினால் இவர் போகிறாரா, சம்பளத்தைக் கூட்டிக் கேட்கிறாரா என்று அவர்களுக்குப் புரியாது. நான்கு முறை மன்னிப்புக் கேட்பதும் வேண்டாம். இன்னும் ஆஃபர் தராத நிறுவனத்திடமிருந்து விலகுவதில் குற்றம் எதுவும் இல்லை. அவர்கள் ஆஃபர் தந்து, அதற்கும் சம்மதம் எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. அப்போது முதலில் அந்தத் தாளில் உள்ள நிபந்தனைகளைப் படிக்க வேண்டும்.

வேலைக்கு அனுப்பி வைத்தது கன்சல்டன்சி என்றால் அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் வாய் வழியாக அவர்களுக்குச் செய்தி போனால் சங்கடம். மூன்றாம் சுற்றுக்கு நாள் குறித்திருந்தால் எச்.ஆருக்குப் போன் செய்துவிட்டு, பிறகு அஞ்சல் அனுப்புவதே சரி. யாரோ ஒருவர் அந்த நேரத்துக்காக வேறு வேலையைத் தள்ளி வைத்திருப்பார்.

அஞ்சல் போன பிறகு எச்.ஆர். கூப்பிட்டு, “அங்கே எவ்வளவு தருகிறார்கள் சார்? நாங்களும் பார்க்கிறோம்” என்று கேட்கக்கூடும். மனம் மாறாதவர் தொகையைச் சொல்லவே கூடாது. சொன்ன நிமிஷம் பேரம் தொடங்கிவிடும். “கேட்டதற்கு நன்றி மேடம், அங்கே சேர வாக்குக் கொடுத்துவிட்டேன்” என்று சொன்னால் பெரும்பாலும் அவர்களும் வாழ்த்திவிட்டு வைத்துவிடுவார்கள்.