இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு பக்கம் எதற்கு?

பொதுத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியன் என்ற முறையில், நன்கு படித்த மாணவர்களும் மதிப்பெண் இழக்கும் ஓரிடத்தை ஆண்டுதோறும் காண்கிறேன். முதல் பக்கங்களில் குறுவினாக்களுக்கு நீண்ட விடைகள் இருக்கும். கடைசி நெடுவினா பாதியில் நிற்கும். பாடம் தெரியாததால் நேர்வதன்று இது. விடையின் அளவு தெரியாததால் நேர்வது.

வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்வோம். 'புரட்சிக்கு உடனடிக் காரணம் யாது?' என்பது இரண்டு மதிப்பெண் வினா. புதிய இராணுவ விதிகள் சமயக் குறிகளையும் காதணிகளையும் தடை செய்தன. தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையை அணியுமாறு சிப்பாய்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். இவ்விரு செய்திகளே போதும். திப்பு சுல்தானின் வரலாற்றை அரைப் பக்கம் எழுதினாலும் மூன்றாவது மதிப்பெண் கிடைக்காது.

'புரட்சியின் போக்கை விவரி' என்பது ஐந்து மதிப்பெண் வினா. இங்கே நிகழ்ச்சிகள் வரிசையாக வரவேண்டும். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்தது, ஆங்கில அதிகாரிகள் கொல்லப்பட்டது, கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது, ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் வந்தது, அன்றே புரட்சி ஒடுக்கப்பட்டது என ஐந்து செய்திகளைத் தனித்தனி வரிகளில் எழுதலாம். திருத்துபவர் கையிலுள்ள விடைக்குறிப்பும் பெரும்பாலும் இவ்வாறே பகுக்கப்பட்டிருக்கும். ஒரே பத்தியில் அடைத்து எழுதினால், இருக்கும் செய்தியும் கண்ணுக்குத் தப்பக்கூடும்.

நெடுவினா என்பது ஐந்து மதிப்பெண் விடையை இழுத்து நீட்டுவதன்று. 'புரட்சியின் காரணங்களையும் விளைவுகளையும் ஆராய்க' என்றால் காரணம், போக்கு, விளைவு ஆகிய உள்தலைப்புகள் வேண்டும். போக்கு சுருங்கலாம், கேட்கப்பட்டவை காரணமும் விளைவுமே. விதிகள் திரும்பப் பெறப்பட்டதும், ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டதும், திப்புவின் மைந்தர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டதும் விளைவின்கீழ் வரும். புரட்சி ஒரே நாளில் அடங்கியும் அரசு ஏன் பணிந்தது என்று இணைத்துக் காட்டும் முடிவுரையே இவ்விடையை மற்றவற்றினின்று வேறுபடுத்தும்.

நேரக் கணக்கும் எளியதே. நூறு மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம் என்றால், சரிபார்க்கப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியபின் ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் கிடைக்கும். அதாவது இரண்டு மதிப்பெண்ணுக்கு மூன்று நிமிடம், ஐந்துக்கு எட்டு, பத்து மதிப்பெண் நெடுவினாவுக்குப் பதினாறு. மாதிரித் தேர்வில் ஒரு குறுவினா ஆறு நிமிடத்தைத் தாண்டினால், அந்த நேரம் நெடுவினாவிலிருந்தே போகிறது. பிள்ளைகளின் விடைத்தாளைப் பார்க்கும் பெற்றோர் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்குமுன், எந்த விடை எத்தனை வரி என்று எண்ணிப் பார்க்கட்டும்.