'கண்கள்' எமோஜி இட்டவர் உறங்கச் சென்றால் பணி யாரிடம்? நேர மண்டலம் கடந்த குழுக்களின் குறியீட்டு மொழி

புது தில்லி: அலுவலக உரையாடல் செயலியில் ஒருவர் ஒரு பணியைப் பதிவிடுகிறார். சில நிமிடங்களில் அப்பதிவின் கீழே 👀 என்ற சிறிய எமோஜி தோன்றுகிறது. எவரும் எதுவும் எழுதவில்லை. ஆயினும், 'இதை நான் எடுத்துக்கொண்டேன், பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்ற தகவல் குழு முழுவதையும் எட்டிவிடுகிறது. பின்னர் ✅ தோன்றினால் பணி முடிந்தது என்று பொருள்.

இந்தியாவில் இருந்துகொண்டு லண்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள சக ஊழியர்களுடன் பணியாற்றுவோருக்கு இந்தக் குறியீட்டு மொழி அன்றாடப் பழக்கமாகிவிட்டது. ஆனால், ஒரே அறையில் இருப்போருக்குச் சரியாகப் பயன்படும் இம்முறை, ஒருவர் விழித்திருக்கையில் மற்றொருவர் உறங்கும் குழுக்களில் பணியை ஒரு நாள் வரை முடக்கிவிடவும் கூடும். அது எப்படி நிகழ்கிறது, எவ்வாறு தவிர்ப்பது என்பதை இங்கு காணலாம்.

பதிலுக்குப் பதிலாக வந்த குறியீடு

பதிவுகளுக்கு எமோஜி மூலம் எதிர்வினையாற்றும் வசதியை ஸ்லாக் செயலி 2015-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பு 'சரி', 'பார்க்கிறேன்', 'முடித்துவிட்டேன்' என ஒவ்வொன்றையும் தனிச் செய்தியாகவே எழுத வேண்டியிருந்தது. அத்தகைய ஒவ்வொரு செய்தியும் குழுவினர் அனைவருக்கும் படிக்காத செய்தியாகக் குவியும். காலையில் கணினியைத் திறக்கும் பெங்களூரு ஊழியர், இரவு முழுவதும் அமெரிக்காவில் எழுதப்பட்ட 'சரி'களைக் கடந்துதான் உண்மையான தகவலைக் கண்டறிய வேண்டும்.

நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்திலும் இதே சிக்கல் இருந்தது. ஒரு கோரிக்கையை ஆதரிப்பதற்காகப் பலர் '+1' என்று மட்டும் எழுதிச் செல்வதால் விவாதங்கள் நீண்டன. 2016-இல் ஆறு எமோஜிகளுடன் எதிர்வினை வசதி அங்கு வந்தது. கண்கள் எமோஜி அந்த ஆறில் இல்லை. அது 2018-இல்தான் சேர்க்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் செயலியிலும் நெடுங்காலம் விருப்பம், இதயம், சிரிப்பு போன்ற சில எதிர்வினைகளே இருந்தன. 2022-இல்தான் ஏனைய எமோஜிகளுக்கும் வழி பிறந்தது. உணர்ச்சியைக் காட்டுவதற்கென்று கொடுக்கப்பட்ட வசதியை, பணி நிலையைக் காட்டும் கருவியாக மாற்றிக்கொண்டவர்கள் பயனாளர்களே எனலாம்.

எதிர்வினையின் சிறப்பு அதன் அமைதி. ஸ்லாக்கில் ஒரு பதிவுக்கு எமோஜி இட்டால், அந்தச் சேனலின் பெயர் படிக்காத செய்தி இருப்பதைப் போலத் தடித்த எழுத்துக்கு மாறுவதில்லை. பதிவிட்டவரின் செயல்பாட்டுப் பகுதியில் மட்டும் அது தெரியும். உறங்குபவரின் கைப்பேசி ஒலிக்காது. குறையும் இதே அமைதியில்தான் அடங்கியுள்ளது.

யார் என்பது தெரியும், எப்போது என்பது தெரியாது

கண்கள் எமோஜியின் மீது சுட்டியைக் கொண்டுசென்றால் அதை இட்டவரின் பெயர் தெரியும். எந்த நேரத்தில் இட்டார் என்பது தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு முன்பு இடப்பட்டதும், நேற்று மாலை இடப்பட்டதும் திரையில் ஒன்றுபோலவே காட்சியளிக்கும். எமோஜியை நீக்கினாலும் சுவடின்றி மறைந்துவிடும். ஒருவர் எடுத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்ட பணிக்கும், எவருமே தொடாத பணிக்கும் வேறுபாடு தெரியாது.

பேருந்து இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் போன்றதுதான் இது. துண்டுக்குரியவர் கீழே தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறாரா, வேறு பேருந்தில் ஏறிச் சென்றுவிட்டாரா என்பதைத் துண்டு சொல்லாது. ஆனாலும் அந்த இருக்கையில் எவரும் அமரமாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கோடைக்கால நேரக் கணக்குடன் பார்க்கலாம். அப்போது லண்டன் இந்தியாவைவிட நாலரை மணி நேரமும், சான் பிரான்சிஸ்கோ பன்னிரண்டரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். பெங்களூருவில் உள்ள நிரலாளர் ஒருவர், மாலை 6.30 மணிக்கு ஒரு நிரல் மாற்றத்தைச் சரிபார்க்குமாறு சேனலில் பதிவிட்டு வீட்டுக்குப் புறப்படுகிறார். லண்டனில் அப்போது பிற்பகல் 2 மணி. அங்குள்ள மதிப்பாய்வாளர் 2.20-க்கு 👀 இட்டுப் பணியைத் தொடங்குகிறார். 3 மணிக்கு வேறொரு சேவை செயலிழந்ததாக அவசர அழைப்பு வருகிறது. அதைச் சரிசெய்து முடிக்கையில் மாலை 5.30. அவர் கணினியை மூடிவிட்டுச் செல்கிறார். கண்கள் அப்படியே இருக்கின்றன.

அந்த வேளையில் சான் பிரான்சிஸ்கோவில் காலை 9.30. அங்கு இதே பணியைச் செய்யத் தகுதியுள்ள மற்றொருவர் சேனலைத் திறக்கிறார். பதிவின் கீழ் 👀 இருப்பதைக் கண்டு, 'இதை ஒருவர் பார்க்கிறார்' என்று அடுத்த பணிக்குச் செல்கிறார். அவர் செய்ததில் தவறேதும் இல்லை. அந்தக் குறியீடே 'நீங்கள் பார்க்க வேண்டாம்' என்பதற்காகத்தான் இடப்படுகிறது. மாலை 5.30 வரை, எட்டு மணி நேரம் அவர் பணியில் இருந்தும் அந்தப் பதிவு தொடப்படவில்லை.

மறுநாள் காலை 9.30-க்குப் பெங்களூரு ஊழியர் திரையைத் திறக்கும்போது அதே 👀 மட்டும் இருக்கிறது. லண்டனில் அப்போது அதிகாலை 5 மணி. அங்கு 9 மணிக்குப் பணி தொடங்கும்போது இந்தியாவில் பிற்பகல் 1.30. ஆக 19 மணி நேரம் கடந்துவிட்டது. இதில் அந்த நிரலை ஒருவர் உண்மையில் பார்த்தது 40 நிமிடங்கள் மட்டுமே. எமோஜியே இல்லாதிருந்தால் அமெரிக்க ஊழியர் அதை எடுத்து முடித்திருப்பார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

காலாவதி நேரம் தேவை

கண்கள் எமோஜியைத் தடைசெய்வது இதற்குத் தீர்வாகாது. அப்படிச் செய்தால் இருவர் ஒரே பணியைத் தனித்தனியே செய்து முடிக்கும் பழைய தொல்லை திரும்பிவிடும். மாறாக, அதற்கு ஒரு காலாவதி நேரத்தைக் குழுவே வகுத்துக்கொள்ளலாம். எளிதானது இது: 👀 என்பது இட்டவரின் அன்றைய பணிநேரம் முடியும் வரைதான் செல்லும். அதற்குள் முடியாவிட்டால், புறப்படும் முன் அவரே எமோஜியை நீக்கிவிட்டு, பதிவுக்குக் கீழே ஒரு வரி எழுத வேண்டும்.

அந்த ஒரு வரி முக்கியமானது. 'கட்டணப் பகுதி வரை பார்த்துவிட்டேன், பிழை இல்லை. பணம் திருப்பியளிக்கும் பகுதி மீதமுள்ளது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்' என்று எழுதியிருந்தால், மேற்கூறிய நிகழ்வில் சான் பிரான்சிஸ்கோ ஊழியர் பாதியிலிருந்து தொடங்கியிருக்கலாம். நீக்கினால் சுவடு இராது என்ற குறையையும் இந்த வரி ஈடுசெய்கிறது.

வரியில் நேரத்தைக் குறிப்பிட நேர்ந்தால் எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது. செய்தி பதிவான நேரத்தைச் செயலி அவரவர் ஊர் நேரமாக மாற்றிக் காட்டும். ஆனால், நாம் தட்டச்சு செய்த '5 மணி' எல்லோருக்கும் 5 மணியாகவே தெரியும். இந்தியாவில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் ஆண்டுக்கு இருமுறை மாற்றுகின்றன. அதுவும் வெவ்வேறு நாள்களில். மார்ச் மாதத்திலும், அக்டோபர் இறுதியிலும் கணக்கு குழம்புவது இதனால்தான்.

மறந்து செல்பவர்கள் எங்கும் உண்டு. எனவே, ஒவ்வோர் ஊரிலும் பணி தொடங்கும்போது ஒருவர் தேங்கிய பதிவுகளைத் தேடிப் பார்ப்பது பாதுகாப்பானது. ஸ்லாக்கில் இதற்கென நீண்ட பட்டியல் எதுவும் தேவையில்லை. தேடல் பெட்டியில் இவ்வாறு இட்டால் போதும். 'Review' என்ற இடத்தில் தங்கள் சேனலின் பெயரை எழுத வேண்டும்.

```
in:#review has::eyes: -has::white_check_mark:
```

கண்கள் இடப்பட்டு, முடிந்ததற்கான குறி இடப்படாத பதிவுகள் மட்டும் வரும். தாம் எடுத்துக்கொண்டு மறந்தவை எவை என்று அறிய விரும்புவோர் has என்பதற்குப் பதிலாக hasmy என்று இட்டுத் தேடலாம்:

```
hasmy::eyes: -has::white_check_mark:
```

மாலையில் கணினியை மூடும் முன் இரண்டாவது தேடலைச் செய்வதற்கு அரை நிமிடம் ஆகும். லண்டன் ஊழியர் இதைச் செய்திருந்தால் 19 மணி நேரத் தாமதம் நேர்ந்திருக்காது.

ஒரே குறி, இரண்டு பொருள்

கண்களின் பொருளைக் குழுக்கள் விரைவில் ஒப்புக்கொள்கின்றன. சமூக வலைதளங்களில் அது 'ஓகோ, அப்படியா' என்ற வியப்புக்கும் வம்புக்கும் பயன்படுவதால், புதிதாகச் சேர்ந்தவருக்கு மட்டும் ஒருமுறை சொல்ல வேண்டியிருக்கும். உண்மையான குழப்பம் ✅ குறியிலும் 👍 குறியிலும்தான் உள்ளது.

✅ என்பது 'படித்துப் பார்த்துவிட்டேன்' என்பதா, 'ஒப்புதல் அளிக்கிறேன்' என்பதா, 'மாற்றம் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது' என்பதா? அருகில் இருப்பவரைக் கேட்டு அறிந்துகொள்ளலாம். ஆனால், குறியை இட்டவர் உறங்கிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். அல்லது ஊகிக்க வேண்டும். ஊகித்துச் செயல்படுவதே ஆபத்து. ஒப்புதலுக்கும் நிறைவுக்கும் வெவ்வேறு எமோஜிகளை முடிவுசெய்து, அவற்றின் பொருளைச் சேனலின் மேற்பகுதியில் நிலையாகப் பொருத்தி வைப்பது பயன்தரும். அந்தப் பட்டியல் நான்கைந்து குறிகளைத் தாண்டினால் எவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

👍 குறியின் குழப்பம் நீதிமன்றம் வரை சென்றுள்ளது. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் 2021-ஆம் ஆண்டு தானியக் கொள்முதல் நிறுவனம் ஒன்று, ஆளி விதை வாங்குவதற்கான ஒப்பந்தத்தின் படத்தை விவசாயி ஒருவரின் கைப்பேசிக்கு அனுப்பி, உறுதிப்படுத்துமாறு கேட்டது. அவர் 👍 எமோஜியைப் பதிலாக அனுப்பினார். விதைகள் வரவில்லை. ஒப்பந்தம் கிடைத்தது என்று தெரிவிக்கவே அந்தக் குறியை அனுப்பியதாக விவசாயி வாதிட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இருவருக்கும் இடையே முன்பு நடந்த ஒப்பந்தங்களில் அவர் குறுஞ்செய்தி வழியாகச் சுருக்கமாகச் சம்மதம் தெரிவித்து வந்ததைச் சுட்டிக்காட்டி, 82,000 கனடா டாலருக்கும் அதிகமான தொகையை வழங்குமாறு 2023-இல் உத்தரவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2024-இல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

அது பதிலாக அனுப்பப்பட்ட எமோஜி. பதிவின் கீழ் இடப்படும் எதிர்வினை அல்ல. எனினும் 'கிடைத்தது', 'சம்மதம்' என்ற இரண்டு பொருள்களும் ஒரே குறியில் நின்றதுதான் அங்கு வழக்கானது. ஆகவே பணம் சார்ந்த ஒப்புதல், வாடிக்கையாளருக்கு அளிக்கும் வாக்குறுதி, சேவையை நிறுத்தும் முடிவு ஆகியவற்றைச் சொற்களில் எழுதுவதே முறை. பதிலுக்காக ஒருவர் காத்திருக்கும் கேள்வியும் அவ்வாறே. எதிர்வினை அமைதியானது என்பதால், 'நாளை வெளியிடலாமா?' என்ற கேள்விக்கு நள்ளிரவில் இடப்பட்ட ஒரு குறியை, கேட்டவர் மறுநாள் முழுவதும் கவனிக்காமல் இருக்க வாய்ப்புண்டு.