சீப்பைக் கழற்றிய பிறகு

மகனுக்கு ஏழு வயது. மொட்டை மாடியில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, பழைய வேட்டியைக் கழுத்தில் சுற்றி, கிளிப்பரால் தலை முழுவதும் வெட்டி முடித்துவிட்டேன். காதோரம் மட்டும் கொஞ்சம் பிசிறு. அதைச் சீர்செய்ய மெஷினிலிருந்த பிளாஸ்டிக் சீப்பைக் கழற்றிவிட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். "அப்பா, எரியுது" என்றான். காது மடலுக்குப் பின்னால் பார்த்தால், ஊசியால் வரிசையாகக் குத்தியதுபோல் ஐந்தாறு சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் ரத்தம் மெல்லத் துளிர்த்தது.

மறுநாள் மெஷினை எடுத்துக்கொண்டு தெருமுனை சலூன்காரரிடம் போனேன். அவர் அதை ஓடவிட்டுக்கூடப் பார்க்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் பிளேடைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். "கழட்டி சுத்தம் பண்ணீங்களா சார்? மேல் பிளேடு முன்னால வந்துருக்கு பாருங்க" என்றார்.

கிளிப்பரில் இரண்டு பிளேடுகள் உண்டு. தோலைத் தொடும் கீழ்ப் பிளேடு அசையாது. அதன்மேல் படிந்திருக்கும் சின்னப் பிளேடுதான் இடவலமாக வேகமாக ஓடி முடியை நறுக்குகிறது. கீழ்ப் பிளேடின் பற்கள் மேல் பிளேடைவிட ஒரு மயிரிழையாவது முன்னால் நீண்டிருக்க வேண்டும். அந்த நீட்சிதான் தோலுக்கு வேலி. முந்தின வாரம் எண்ணெய் போடுவதற்காகத் திருகாணியைக் கழற்றிய நான், திரும்பப் பூட்டும்போது மேல் பிளேடை முன்னால் தள்ளிவிட்டிருக்கிறேன். சீப்பு மாட்டியிருந்தவரை அது தெரியவே இல்லை. ஏனென்றால் சீப்பு பிளேடைத் தோலிலிருந்து விலக்கியே வைத்திருந்தது.

வீட்டில் முடி வெட்டும்போது சீப்பைக் கழற்றிய அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் காயம் எளிதில் நேர்ந்துவிடும். அதனால் சீப்பு மாட்டிய நிலையிலேயே முடிந்த மட்டும் வேலையை முடித்துவிட வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

சீப்பிலுள்ள எண் வெட்டிய பிறகு தலையில் மிஞ்சும் முடியின் நீளத்தைச் சொல்கிறது. ஒன்றாம் நம்பர் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். இரண்டு என்றால் 6, மூன்று என்றால் 10, நான்கு என்றால் 13, எட்டு என்றால் 25. நம்பர் ஒன்று ஏறினால் மூன்று மில்லிமீட்டர் ஏறும் என்று நினைவில் வைத்தால் போதும். தாடி ட்ரிம்மர்களில் நம்பர் இருக்காது, பெரும்பாலும் மில்லிமீட்டரே அச்சிட்டிருக்கும். அதில் '2' என்பது இரண்டாம் நம்பர் இல்லை, வெறும் 2 மில்லிமீட்டர். இந்தக் குழப்பத்தில் பிள்ளையை ஏறக்குறைய மொட்டையாக்கியவர்கள் என் நண்பர்களிலேயே இருவர்.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒரு நம்பர் தவறாகக் குறைத்தால் பழைய நீளத்துக்கு வரப் பத்து நாள் ஆகும். ஆகவே எப்போதும் பெரிய நம்பரில் தொடங்க வேண்டும்.

பள்ளிக்குப் போகும் பையனுக்கு நான் வெட்டும் முறை இது. முதல்நாளே தலைக்குக் குளிக்க வைத்து விடுவேன். தேங்காய் எண்ணெய் இருந்தால் முடி கற்றைகற்றையாக ஒட்டிக்கொண்டு சீப்புக்குள் நுழையாது. ஈரமாக இருந்தாலும் அப்படித்தான். வெட்டுவதற்கு முன் விரல்களால் தலை முழுவதும் தடவிப் பார்ப்பேன். மச்சம், பரு, காய்ந்த புண் எதுவும் இருந்தால் அங்கே இடது கை விரலை வைத்து மறைத்துக்கொண்டே வெட்ட வேண்டும்.

முதலில் எட்டாம் நம்பரைத் தலை முழுவதும் ஓட்டுவேன். முடி படிந்திருக்கும் திசைக்கு எதிராக ஓட்டினால்தான் சமமாக விழும். உச்சிச் சுழியில் முடி வட்டமாகப் போவதால் அங்கே மட்டும் நான்கு திசையிலிருந்தும் ஓட்ட வேண்டும். அடுத்து நான்காம் நம்பர், பக்கங்களிலும் பின்பக்கத்திலும். கீழிருந்து மேலே போகும்போது, தலை உள்பக்கமாக வளையத் தொடங்கும் இடத்தில் கையைத் தலையை விட்டு வெளியே எடுத்துவிட வேண்டும். வளைவைப் பின்தொடர்ந்து போனால் உச்சி முடியும் போய்விடும். பிறகு பிடரிக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்கு மட்டும் இரண்டாம் நம்பர். நான்குக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். மூன்றாம் நம்பரை மாட்டி, அந்தக் கோட்டின்மேல் மட்டும் கரண்டியால் அள்ளுவதுபோல் சின்னச் சின்னதாக எடுத்தால் மறைந்துவிடும்.

ஒவ்வொரு முறை சீப்பை மாட்டும்போதும் 'டக்' என்ற சத்தம் வர வேண்டும். வராவிட்டால் நடுவில் கழன்று விழுந்து, தலையில் ஒரு வழித்தடம் போட்டுவிடும். மெஷின் சத்தம் திடீரென்று மாறினால் உடனே கையை எடுத்துவிடுங்கள்.

இனி சீப்பில்லாத வேலை. காது மடலை முன்பக்கமாக மடித்து விரலால் மூடிக்கொண்டு, பின்னாலுள்ள தோலை லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தளர்ந்த தோல்தான் பற்களுக்கு நடுவே புகும். பிளேடு தோலில் தட்டையாகப் படிந்திருக்கும்வரை ஆபத்து குறைவு. முனையைச் செங்குத்தாக நிறுத்தி அழுத்தினால் வெட்டும். பிடரிக் கோட்டைப் போடும்போது மெஷினைத் திருப்பிப் பிடித்து, தோலைத் தொட்டும் தொடாமலும் மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும். பிடரியை வழவழவென்று மழிக்க ஆசைப்படாதீர்கள். சுருட்டை முடிக்காரர்களுக்கு ஒட்ட வெட்டிய முனை தோலுக்குள் வளைந்து வளர்ந்து, அங்கே கட்டிகட்டியாகப் புடைக்கும். சிலருக்கு அது தழும்பாகவே தடித்துவிடும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்திவிட வேண்டும்.

கீறிவிட்டால் சுத்தமான துணியை ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் போதும், பெரும்பாலும் நின்றுவிடும். படிகாரக் கட்டியும் ரத்தத்தை நிறுத்தும். ஆனால் ஒருவர் ரத்தம் பட்ட கட்டியை இன்னொருவருக்குத் தேய்க்கக் கூடாது. மெஷினுக்கும் அதே விதிதான். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட, ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். அண்ணனைக் கீறிய பிளேடைத் துடைத்துவிட்டு உடனே தம்பிக்கு ஓட்டுவது கூடாது.

சுத்தம் செய்யும் வரிசை முக்கியம். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சிக்கிய முடியைச் சின்ன பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். முடிக்கு அடியிலுள்ள அழுக்கை ஸ்பிரிட் தொடாது. அதன்பின் மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து, பிளேடு முழுதும் ஈரமாகும்படி துடைத்துத் தானாக உலர விட வேண்டும். எளிதில் தீப்பற்றும் என்பதால் மெஷின் ஓடும்போது தெளிக்காதீர்கள். சீப்புகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்தால் போதும்.

ஒரு விஷயத்தில் ஸ்பிரிட்டை முழுதாக நம்பக் கூடாது. குழந்தையின் தலையில் வட்டமாகச் செதிலும் முடியுதிர்வும் கண்டால் அது படர்தாமரையாக இருக்கலாம். உதிர்ந்த முடித் துணுக்குகளில் அந்தப் பூஞ்சை பல நாள் தங்கியிருந்து மற்றவருக்கும் ஒட்டும். அந்த மெஷினை வேறு யாருக்கும் எடுக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். முடி வேருக்குள் இருக்கும் பூஞ்சைக்குக் களிம்பு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டியிருக்கும்.

ஸ்பிரிட் காய்ந்ததும் பிளேடுகளுக்கு நடுவே இரண்டு மூன்று சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, பத்து விநாடி ஓடவிட்டுத் துடைப்பேன். தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் பிளேடைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் அந்த மயிரிழை இடைவெளியைப் பார்த்துக்கொண்டு, நான்காம் நம்பர் சீப்பை மாட்டியே டப்பாவில் வைக்கிறேன். அடுத்த மாதம் வீட்டில் யார் அவசரமாக எடுத்து ஓட்டினாலும், தலையில் 13 மில்லிமீட்டர் முடி மிஞ்சும்.