பழைய பெட்டியும் தேதி போட்ட நகல்களும்

பல வீடுகளில் மேசைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்கும். ஆயுத பூஜையன்று சந்தனப் பொட்டு வாங்கிக்கொள்வதோடு அதன் ஆண்டு வேலை முடிந்தது. அது 64 பிட் செயலியும் 4 ஜிபி ரேமும் உள்ள பெட்டி என்றால் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிட வேண்டாம். புது விண்டோஸை இழுக்க முடியாமல் திணறும் அந்தப் பெட்டிக்கு, வீட்டாரின் படங்களையும் பத்திரங்களையும் வாங்கி வைத்துக் கேட்கும்போது கொடுப்பது சுலபமான வேலை.

அதில் நிறுவ வேண்டியவை இரண்டு. ஒன்று, இலவச இயங்குதளமான டெபியன் லினக்ஸ். திரை அலங்காரம் ஏதும் இல்லாத எளிய நிறுவல் போதும். மற்றொன்று, விண்டோஸும் போனும் புரிந்துகொள்ளும் முறையில் ஃபோல்டரைப் பகிரும் சாம்பா. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. நகல் எடுக்க நாம் பயன்படுத்தப் போகும் ஆர்சிங்க்கையும் 1996இல் பால் மக்கெராஸுடன் சேர்ந்து எழுதியவர் இவர்தான்.

பகிர்ந்த ஃபோல்டர் போனில் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது பேக்கப் ஆகாது. வீட்டில் ஒருவர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் சர்வரில் இருப்பதும் அழியும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் பணம் கேட்டு மிரட்டும் வைரஸ் புகுந்தால், அந்தக் கம்ப்யூட்டர் எழுதக்கூடிய எல்லா இடங்களையும் அது பூட்டிவிடும். பகிர்ந்த ஃபோல்டரும் அதில் சேர்த்திதான். இரண்டு டிஸ்க்கை இணைத்து ஒரே மாதிரி எழுதவைக்கும் ரெய்டு முறையும் இங்கே உதவாது. டிஸ்க் செத்தால் காப்பாற்றும். அழித்ததை இரண்டு பக்கமும் ஒரே நொடியில் அழித்துவிடும். நமக்கு வேண்டியது வீட்டார் யாரும் எழுத முடியாத இடத்தில், தேதிவாரியாக நிற்கும் நகல்.

நால்வர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். படங்களும் ஆவணங்களுமாக 200 ஜிபி இருக்கிறது. பெட்டியோடு வந்த பழைய டிஸ்க்கில் இயங்குதளம் மட்டும் இருக்கட்டும். கோப்புகளுக்கு உள்ளே ஒரு 2 டிபி டிஸ்க்; அது `/srv/veedu`. நகலுக்கு யூஎஸ்பியில் இன்னொரு 2 டிபி டிஸ்க், அது `/mnt/nakal`. யூஎஸ்பி டிஸ்க்கை `ext4` வடிவில் ஃபார்மேட் செய்ய வேண்டும். கடையிலிருந்து வரும்போது அதில் பெரும்பாலும் இருக்கும் `exFAT` வடிவத்தில் கீழே உள்ள உத்தி நடக்காது. கைவசம் இருக்கும் பழைய டிஸ்க்கையே போடுவதென்றால், முதலில் `smartctl -a /dev/sda` என்று கேளுங்கள். `Reallocated_Sector_Ct`, `Current_Pending_Sector` ஆகிய வரிகளின் கடைசி எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்த எண் வாராவாரம் ஏறினால் டிஸ்க் விடைபெறத் தயாராகிறது என்று பொருள்.

இனி இரவில் ஓடும் சிறு நிரல்:

```
#!/bin/bash
set -e
mountpoint -q /mnt/nakal
D=$(date +%F)
rsync -a --link-dest=/mnt/nakal/kadaisi /srv/veedu/ /mnt/nakal/$D/
ln -sfn $D /mnt/nakal/kadaisi
```

இதன் உயிர் `--link-dest` என்ற சொல்லில் இருக்கிறது. நேற்று இருந்த படம் இன்றும் மாறாமல் இருந்தால் ஆர்சிங்க் அதை மீண்டும் எழுதுவதில்லை. நேற்றைய கோப்புக்கே இன்றைய ஃபோல்டரில் இன்னொரு பெயரைக் கொடுக்கிறது. ஒவ்வொரு தேதியின் ஃபோல்டரைத் திறந்தாலும் வீட்டின் 200 ஜிபியும் முழுதாகத் தெரியும். புதிதாக வந்தது மட்டுமே இடம் பிடித்திருக்கும். தினம் அரை ஜிபி சேர்ந்தால் முப்பது தேதிகளுக்கும் சேர்த்து சுமார் 215 ஜிபிதான். `du -sh /mnt/nakal/*` என்று கேட்டால் முதல் ஃபோல்டருக்கு 200 ஜிபியும் மற்றவற்றுக்குச் சிறு தொகையும் காட்டும். எல்லாமே 200 என்று காட்டினால் இணைப்பு வேலை செய்யவில்லை.

மூன்றாவது வரி சாதாரணமாகத் தெரிகிறது, ஆனால் அதை விட்டுவிடாதீர்கள். யாரோ யூஎஸ்பி டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டாலும் `/mnt/nakal` என்ற வெற்று ஃபோல்டர் பழைய டிஸ்க்கில் இருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் 200 ஜிபியும் அங்கே கொட்டி, இயங்குதளத்துக்கே இடமில்லாமல் சர்வர் நின்றுவிடும்.

இந்த உத்திக்கு எல்லைகளும் உண்டு. முப்பது தேதிகளில் தெரியும் ஒரு படம் டிஸ்க்கில் ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. அந்த இடம் கெட்டால் முப்பதிலும் கெட்டுவிடும். ஒரு பெரிய ஃபோல்டருக்குப் பெயர் மாற்றினால் ஆர்சிங்க் அதைப் புதியது என்று எண்ணி முழுவதையும் மறுபடி எழுதும். ஆகவே கல்யாணப் படங்களின் ஃபோல்டர் பெயரை முதல் நாளே முடிவு செய்துவிடுவது நல்லது.

நகல் டிஸ்க்கையும் சாம்பாவில் பகிரலாம், படிக்க மட்டும்:

```
[nakal]
   path = /mnt/nakal
   read only = yes
```

இதனால் அம்மா போன செவ்வாய்க்கிழமை ஃபோல்டரைத் தானே திறந்து, தொலைந்த படத்தை எடுத்துக்கொள்வார். அழிக்க அவராலும் முடியாது, அவர் கம்ப்யூட்டரில் புகுந்த வைரஸாலும் முடியாது. சர்வர் நலமா என்று பார்ப்பதற்கும் இதுவே வழி. வாரம் ஒருமுறை கடைசித் தேதியைப் பார்த்து, ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். வெளியூரிலிருந்தும் பார்க்கலாமே என்று ரூட்டரில் வழி திறந்துவிடும் ஆசை வரும். வேண்டாம். 2017இல் உலகத்தையே உலுக்கிய வானாக்ரை பரவியது இதே கோப்புப் பகிர்வு முறையின் பழைய வடிவத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

அடுத்தது கரண்ட். பழைய மேசைக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 50 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 1.2 யூனிட், தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்குக்கு 72 யூனிட். வீட்டின் பயன்பாடு மேல் படியைத் தொட்டுக்கொண்டிருந்தால் இது உறைக்கும். நகல் எடுக்க நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. பயாஸில் நேரம் குறித்து இரவு 8 மணிக்குத் தானே விழிக்கவும், டெபியனில் நேரம் குறித்து 11 மணிக்கு அணையவும் வைத்தால் அதே இரண்டு மாதத்துக்கு 9 யூனிட்தான். முதல் நகல் முடியும்வரை மட்டும் விட்டுவையுங்கள். பழைய பெட்டியின் நெட்வொர்க் கார்டு 100 மெகாபிட் வகையாக இருந்தால் நொடிக்கு 11 எம்பிதான் போகும். 200 ஜிபி வந்து சேர ஐந்து மணி நேரம் ஆகும்.

நாள் முழுக்க ஓடவிடுபவர்கள் பயாஸில் `Restore on AC Power Loss` என்பதை `Power On` என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு பெட்டி எழுந்திருக்காது. மதர்போர்டிலுள்ள `CR2032` பேட்டரியையும் கையோடு மாற்றிவிடுங்கள். அது தீர்ந்திருந்தால் கரண்ட் போனதும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போகும். பயாஸ் `F1` அழுத்தச் சொல்லிக் காத்திருக்கும். மானிட்டர் இல்லாத சர்வரில் அந்தக் கேள்வியை யார் பார்ப்பது?

மிஞ்சியிருப்பது திருட்டும் தீயும் வெள்ளமும். இரண்டு டிஸ்க்கும் ஒரே அறையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். இன்னொரு யூஎஸ்பி டிஸ்க் வாங்கி, அதற்கும் `nakal` என்றே லேபிள் இட்டு, லேபிளைப் பார்த்து இணைக்கும்படி `/etc/fstab` கோப்பில் எழுதிவிட்டால், மாதம் ஒருமுறை மாற்றிப் போட்டு மற்றதை அக்கா வீட்டில் வைக்கலாம். நிரலில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மாற்றிய இரவு மட்டும் ஒரு மாதத்துப் பாக்கியைச் சேர்த்து எழுதும். வீட்டுப் பத்திரமும் ஆதார் நகலும் அதில் இருப்பதால் இரண்டு நகல் டிஸ்க்கையும் தொடக்கத்திலேயே லக்ஸ் முறையில் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். பெட்டி தானே விழிக்கும்போது அவையும் தானே திறக்க, இயங்குதள டிஸ்க்கில் ஒரு சாவிக் கோப்பு வைத்து `/etc/crypttab` கோப்பில் எழுதுங்கள். அந்தக் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். டிஸ்க்கோடு சேர்த்து வைக்க வேண்டாம்.