காலி லாரிக்கும் பெரிய லைசென்ஸ்

இரண்டு அச்சு லாரி ஒன்று சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிறது. எடை மேடையில் ஏற்றினால் 6,500 கிலோ காட்டலாம். கார் ஓட்டும் எல்.எம்.வி. உரிமம் 7,500 கிலோ வரை செல்லும் என்கிறார்களே, அதை வைத்து இந்த லாரியை ஓட்டலாமா? கூடாது. இன்று என்ன எடை இருக்கிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. ஏற்றிய சுமையோடு அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் பதிந்திருக்கும் மொத்த எடையைத்தான் பார்க்கிறது. இந்த ரக லாரிக்கு அது 18,500 கிலோ. அதனால் காலியாக இருந்தாலும் அது கனரக வாகனமே.

மோட்டார் வாகனச் சட்டம் இங்கே ஒரு வேறுபாடு வைத்திருக்கிறது. கார், டிராக்டர், ரோடு ரோலர் ஆகியவற்றுக்கு வெற்று எடையே கணக்கு. சரக்கு வண்டிக்கு மொத்த எடை. சந்தையில் 7,490 கிலோ என்று வரும் லாரிகள் அந்த எல்லைக்கு 10 கிலோ உள்ளே நிற்பது தற்செயல் அல்ல.

அப்படி ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். பாடி கட்டிய பின் வெற்று எடை 3,400 கிலோ என்றால், மிச்சம் 4,090 கிலோ. இது முழுதும் சரக்குக்கு என்று நினைத்துவிடக் கூடாது. சட்டப்படி வெற்று எடையில் ஓட்டுநர் சேர்வதில்லை. ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் 150 கிலோ கழித்தால் 3,940 கிலோ. 50 கிலோ சிமென்ட் மூட்டை 78 ஏற்றலாம். உரிமையாளர் இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று கனமான இரும்பு பாடி கட்டி 300 கிலோ கூட்டினால் 72 மூட்டைதான். ஒவ்வொரு நடையிலும் ஆறு மூட்டை வாடகை போகும். கம்பெனி விளம்பரத்தில் வரும் எடை பெரும்பாலும் பாடி இல்லாத சேஸிஸுக்கானது என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

அதே வண்டியில் 100 மூட்டை ஏற்றினால் மொத்தம் 8,550 கிலோ, அனுமதியைவிட 1,060 கிலோ அதிகம். உரிமத்தின் வகை இதனால் மாறாது, குற்றம் மிகைச்சுமை. 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய். அதிகச் சுமையை இறக்கினால்தான் வண்டி நகரும். இறக்கும் கூலியும் உரிமையாளர் தலையில்.

எல்.எம்.வி. உரிமத்தோடு சரக்கு வண்டி ஓட்டத் தனி அனுமதி வேண்டுமா என்பது நெடுநாள் வழக்கு. அனுமதி இல்லை என்று விபத்து இழப்பீட்டைத் தர காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்துவந்தன. 2017இல் உச்ச நீதிமன்றம் தேவையில்லை என்றது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிசெய்தது. ஆனால் மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு மட்டும். அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கான தனி விதிகள் அப்படியே இருக்கின்றன.